ஒரு கடிகாரம், மூன்று வேலைகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த எங்கள் பிரதேசத்தில், கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் வீடியோ எடுத்துச் சீவித்தவர்களுள் நானும் ஒருவன். ஒளிநாடாவில் பதிந்து கொடுத்த அந்தக் காலத்தில், நாடாவை வீட்டாரிடம் கையளித்தவுடன் எங்கள் பொறுப்புத் தீர்ந்துவிடும். வேண்டிய இடத்துக்கு ஓட்டிப் பார்ப்பதும், வேண்டாத இடத்தைத் தாண்டிப் போவதும் பார்ப்பவர் பாடாக இருந்தது. யூடியூப் வந்தபின் அந்தச் சௌகரியம் போயிற்று. படத்தை வெட்டி ஒட்டி முடித்துச் சானலில் ஏற்றிய பிறகுதான் வேலையின் பிற்பாதி ஆரம்பமாகிறது என்பதையும், அந்தப் பிற்பாதி படப்பிடிப்பின்போதே மனத்தில் இருந்திருக்க வேண்டியது என்பதையும் அனுபவம் எனக்கு மெல்ல மெல்லக் கற்பித்தது.

நான் சொல்லப் போகும் விஷயங்கள் மூன்று. காணொளியின் ஓட்டக் கோட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் அத்தியாயங்கள் ஒன்று. படம் முடியும் தறுவாயில் அடுத்த படத்தைப் பார்க்க அழைக்கும் இறுதித் திரை மற்றொன்று. பேச்சைத் திரையின் கீழே எழுத்தாகக் காட்டுவதற்குத் தனியாக ஏற்றப்படும் சப்டைட்டில் கோப்பு மூன்றாவது. இவற்றைப் பொதுவாகப் பேசுவதைவிட, எங்கள் துறைமுகத்தைப் பற்றி நாங்கள் செய்த 41 நிமிடப் படம் ஒன்றை வைத்துப் பேசினால் விளக்கம் சுலபமாகும். போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டையில் தொடங்கி, கோணேசர் கோயில், அதன் கீழே கடலடியில் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்ட சிதைவுகள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலைப்பொழுது, சீனன்குடாவில் இன்றும் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள், கடைசியாகக் கொட்டியாரக் குடா என்று அந்தப் படம் செல்கிறது. வருணனை தமிழில் இருந்தாலும், பேசியவர்களுள் சிலர் கிண்ணியா முஸ்லிம்கள், சிலர் சிங்களவர். ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று சப்டைட்டில் கோப்புகள் அதற்குத் தேவைப்பட்டன.

இந்த மூன்று வேலைகளும் வேறு வேறு பக்கங்களில் செய்யப்படுவதால், அவை ஒன்றோடொன்று சம்பந்தமற்றவை என்று புதிதாக வருபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்றும் ஒரே கடிகாரத்தில் தொங்குகின்றன. படத்தின் பூச்சிய விநாடியிலிருந்து எண்ணப்படும் நேரமே அத்தியாயத்துக்கும் சப்டைட்டிலுக்கும் ஆதாரம், படத்தின் மொத்த நீளமே இறுதித் திரைக்கு ஆதாரம். படத்தின் தலைப்பக்கத்தில் எட்டு விநாடி கூடிவிட்டால், அதற்குப் பின்னுள்ள யாவும் எட்டு விநாடி பிழைத்துப் போகும். இதனுடன் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது: ஒருமுறை ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வைத்துக்கொண்டு வேறு படத்தால் மாற்ற யூடியூப் இடம் கொடுப்பதில்லை, மறுபடி ஏற்றினால் புதிய முகவரி, பார்வைக் கணக்கும் பூச்சியத்திலிருந்து. எனவே எங்கள் கடையில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுவே: முதலில் முடிவைத் தீர்மானிப்பது, அடுத்து இனி ஒரு காட்சியும் அசையாது என்று படத்தைப் பூட்டுவது, அதன்பின் சப்டைட்டில், எல்லாவற்றுக்கும் பிறகு அத்தியாயம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முடிவை முதலில் தீர்மானிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். இறுதித் திரை என்பது காணொளியின் கடைசி 5 முதல் 20 விநாடிகளுக்குள் மாத்திரமே வரக்கூடியது. காணொளி குறைந்தது 25 விநாடியாவது இருக்க வேண்டும். சாதாரண அகலத் திரைப் படத்தில் நான்கு பொருள்கள் வரை வைக்கலாம்: ஒரு காணொளி, ஒரு தொடர்வரிசை, சந்தாவுக்கான வட்டம், வேறொரு சானல் முதலியன; அவற்றுள் ஒன்றேனும் காணொளியாகவோ தொடர்வரிசையாகவோ இருந்தாக வேண்டும். வெளி இணையதளத்துக்கு இணைப்புக் கொடுக்கும் உரிமை யூடியூபின் பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்த சானல்களுக்கே உண்டு. சிறுவருக்கானது என்று குறிக்கப்பட்ட காணொளிகளுக்கு இறுதித் திரையே கிடையாது. பாலர் பாடசாலை விழாவை அப்படிக் குறித்து ஏற்றிவிட்டு, பொத்தானைக் காணவில்லையே என்று தேடியவர்களை நான் அறிவேன்.

இந்தப் பொருள்கள் படத்தின் மேலேயே வந்து அமர்கின்றன. ஆகையால் அந்த 20 விநாடிக்குள் யாராவது முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தால் பேசுபவர் முகத்தை ஒரு பெட்டி மறைக்கும், கீழே ஓடும் சப்டைட்டிலை இன்னொரு பெட்டி மறைக்கும். எங்கள் படத்தின் முடிவுக்கென்றே கொட்டியாரக் குடாவின் மாலைக் கடலை, கமராவை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தோம். வலப்பக்கத்தில் வானம் வெறுமையாக இருக்கும்படி சட்டகத்தை அமைத்தோம், பெட்டிகள் அங்கே வரட்டும் என்று. பேச்சு முழுவதும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் "இத்துடன் விடைபெறுகிறோம், வணக்கம்" என்ற சம்பிரதாய வாக்கியத்தை நான் போட விடவில்லை. பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்கினார் என்று காட்டும் வரைபடத்தில், அந்த வாக்கியம் வரும் இடத்தில் கோடு செங்குத்தாக விழுவதை வேறு படங்களில் பார்த்திருக்கிறேன்; விடைபெறுகிறோம் என்றால் மக்கள் மரியாதையாகப் போய்விடுகிறார்கள். பேச்சின் கடைசி வரியிலேயே, தாங்கிகளைப் பற்றிய தனிப் படம் ஒன்று உண்டு என்று வருணனையாளர் சொல்லி நிறுத்த, அந்தப் படமே பெட்டியாக எழும். முன்னொரு காலத்தில் படத்தின் எந்த இடத்திலும் ஒட்டக்கூடிய குறிப்புப் பெட்டிகள் இருந்தன. 2019 ஜனவரியில் யூடியூப் அவற்றை அடியோடு நீக்கிவிட்டதால், "இந்தப் பெட்டியை அழுத்துங்கள்" என்று வெறும் வானத்தைக் காட்டும் பழைய படங்கள் இன்றும் பல உள்ளன. அதனால் படத்துக்குள் விரலால் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

இனிச் சப்டைட்டில். என் அபிப்பிராயத்தில் மூன்றிலும் உழைப்பு மிகுந்ததும், எங்கள் நாட்டில் பிழைகள் மலிந்ததும் இதுவே. எழுத்தைப் படத்தின் மேல் நிரந்தரமாகப் பொறித்துவிடுவது ஒரு வழி. பலர் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிப் பொறித்த எழுத்தைப் பார்ப்பவர் மறைக்கவும் முடியாது, வேறு மொழிக்கு மாற்றவும் முடியாது, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். தனிக் கோப்பாக ஏற்றியதை எந்த நாளிலும் நீக்கி வேறொன்றை வைக்கலாம்; காணொளியின் முகவரிக்கோ பார்வைக் கணக்குக்கோ ஒன்றும் நேராது. அந்தக் கோப்பு பார்வைக்கு மிக எளிமையானது. எங்கள் படத்தில் கிண்ணியாப் பெரியவர் ஒருவர் பேசும் இடம் இப்படி இருக்கிறது:

```
112
00:16:52,300 --> 00:16:56,100
ஜப்பான் பிளேன் வந்த அண்டைக்கு
வாப்பா கடல்ல நிண்டவரு.

113
00:16:56,400 --> 00:16:59,000
குண்டு விழுந்த சத்தம் கேட்டிருக்கு.
```

முதலில் வரிசை எண். அடுத்த வரியில் எழுத்துத் தோன்றும் நேரமும் மறையும் நேரமும், இடையில் இரு சிறு கோடும் ஒரு கூர்முனையும் சேர்ந்த அம்பு. பிறகு ஒன்றோ இரண்டோ வரி எழுத்து. பிறகு கட்டாயமாக ஒரு வெற்று வரி. விநாடிக்கும் அதன் ஆயிரத்தில் ஒரு கூறுக்கும் இடையே வருவது காற்புள்ளி. இதன் பெயர் எஸ்.ஆர்.டி. கோப்பு. இதைச் சாதாரணக் குறிப்பேட்டு நிரலிலேயே எழுதிவிடலாம். யூடியூப் ஸ்டூடியோவில் `Subtitles` என்ற பக்கத்துக்குப் போய், மொழியைச் சேர்த்து, `Upload file` என்பதை அழுத்தினால், `With timing`, `Without timing` என்று இரண்டு வழிகளைக் கேட்கும். இரண்டாவது, நேரமில்லாத வெறும் எழுத்தைக் கொடுத்து, பேச்சைக் கேட்டு இயந்திரமே பொருத்திக்கொள்ளட்டும் என்று விடுவது. தமிழும் சிங்களமும் மாறி மாறி வரும் எங்களைப் போன்றவர்களின் படத்துக்கு அது உதவாது. முதலாவதே எங்கள் வழி.

எனக்கு வரும் கோப்புகளில் நான் அதிகம் காணும் கோளாறு எழுத்துருவைப் பற்றியது. இலங்கையில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவர்களுள் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். பாமினியில் தட்டும்போது கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே. அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனவுடன் வேஷம் கலைந்துவிடும். திருகோணமலை என்று அழகாகத் தட்டி அனுப்பியது, யூடியூப் திரையில் `jpUNfhzkiy` என்று வந்து நிற்கும். இதற்கு மாற்றிகள் உண்டு. பாமினியைக் கொடுத்தால் யூனிகோடாகத் தரும். ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே மாற்றிக்குள் தள்ளியவர்கள் அடுத்த இக்கட்டில் விழுகிறார்கள். பாமினியில் இலங்கை என்பது `,yq;if` என்று சேமிக்கப்படுகிறது. அதாவது காற்புள்ளி விசையே அங்கு இகரம். கூர்முனைக் குறி அங்கே காற்புள்ளி. ஆகவே மாற்றி தன் கடமையை ஒழுங்காகச் செய்து, நேர வரிகளிலுள்ள காற்புள்ளிகளையெல்லாம் இகரமாகவும், அம்பின் முனையைக் காற்புள்ளியாகவும் ஆக்கிவிடும். அத்தகைய கோப்பில் நேர வரி என்று ஒன்று மிஞ்சாததால் யூடியூப் அதை ஏற்காது. எழுத்து வரிகளை மாத்திரம் தனியே பிரித்து மாற்றி, நேர வரிகளைத் தொடாமல் மீண்டும் பொருத்துவதே வழி. சிங்களக் கோப்பிலும் இதே கதைதான், பழைய எஃப்.எம். எழுத்துருக்களில் தட்டிய சிங்களம் இதேபோல ஆங்கிலக் குவியலாக வந்து சேரும்.

யூனிகோடிலேயே தட்டியவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 என்ற குறியாக்கத்தைத் தெரிய வேண்டும். பழைய விண்டோஸ் கணினிகளின் குறிப்பேடு ஆன்சி என்ற குறியாக்கத்தையே தானாக எடுத்துக்கொள்ளும். வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் சம்மதம் கொடுத்தால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். பாமினிக் குவியலை மீட்கலாம், இந்தக் கேள்விக்குறிகளை மீட்க முடியாது. எழுத்து உண்மையாகவே அழிந்துபோயிற்று. வேர்டில் தட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை: இரு கோடும் கூர்முனையும் தட்டியவுடன், அழகுபடுத்துவதாக எண்ணி வேர்ட் அவற்றை ஒற்றை அம்புக்குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு அம்பு அம்பாகவே தெரிவதால் பிழையைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

கோப்பு ஏறியபின் வரும் பிழை நேரப் பிழை. அதில் இரு வகை உண்டு, அவற்றைப் பிரித்தறிவது ஒரு வைத்தியன் நாடி பார்ப்பது போன்றது. முதல் நிமிடத்தில் ஓரிடத்தையும் கடைசி நிமிடத்தில் ஓரிடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் எழுத்து ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால், படத்தின் தலையில் எதையோ கூட்டியிருக்கிறார்கள் அல்லது குறைத்திருக்கிறார்கள். எங்கள் படத்தில் அதுவே நடந்தது. சப்டைட்டில் எழுதி முடித்த பிறகு, உதவி செய்த சங்கத்தாரின் இலச்சினை முன்னால் வரவேண்டும் என்று தீர்மானமாகி, எட்டு விநாடி கூடிற்று. கிண்ணியாப் பெரியவரின் வரி 00:16:52,300இலிருந்து 00:17:00,300க்கு நகர்ந்தாக வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச நிரலில் எல்லா வரிகளையும் ஒரே கட்டளையால் எட்டு விநாடி தள்ளிவிடலாம். மூன்று மொழிக்கும் மூன்று தடவை, அவ்வளவே.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், காரணம் வேறு. சில கமராக்கள் விநாடிக்கு 29.97 படம் என்ற வேகத்தில் எடுக்கின்றன. அவற்றின் நேரக்குறியோ முப்பது படத்துக்கு ஒரு விநாடி என்றே எண்ணிப் போகும். அந்த நேரக்குறியைப் பார்த்துச் சப்டைட்டில் எழுதினால், ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி முந்திவிடும். எங்கள் படத்தின் நீளத்துக்கு அது முடிவில் ஏறக்குறைய இரண்டரை விநாடி: பெரியவர் வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லப் போவதைத் திரை சொல்லிவிடும். இதற்கு எட்டு விநாடி தள்ளுவது போன்ற மருந்து பலிக்காது. எல்லா நேரங்களையும் அந்த விகிதத்தால் நீட்ட வேண்டும். அதைவிட, ஏற்றுவதற்கென்று இறுதியாக வெளியெடுத்த காணொளிக் கோப்பையே ஓடவிட்டு நேரம் எழுதுவது உத்தமம்.

பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது என்பதும் ஒரு விவகாரம். வருணனை செந்தமிழாக இருக்க, கீழே கடலோரப் பேச்சுத் தமிழ் வருவது அழகல்ல என்று எங்களுடன் வேலை செய்த ஆசிரியர் ஒருவர் வாதித்தார். நான் கிண்ணியாப் பெரியவரிடமே கேட்டேன்: "காக்கா, நீங்க சொன்னத எழுத்துத் தமிழுக்கு மாத்திப் போடட்டா?" அவர் சொன்னார்: "நான் சொன்னத்தப் போடுங்க தம்பி. மாத்தினா அது வேற ஆள் சொன்ன மாதிரி இருக்கும்." தமிழ்க் கோப்பில் அவர் பேச்சு அவர் பேச்சாகவே நின்றது. காது கேளாதவர் படிப்பதும், கேட்பவர் ஒத்துப் பார்ப்பதும் அந்த வரிகளைத்தான். திரையில் ஒரு சொல்லும் காதில் வேறு சொல்லுமாக இருந்தால் இரு சாராருக்கும் இடைஞ்சல். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் போடாதிருப்பதும், ஒரு விநாடிக்குக் குறைவாக எதையும் காட்டாதிருப்பதும், வாக்கியத்தைப் பொருள் உடையும் இடத்தில் மடிப்பதும் மற்ற விதிகள்.

கடைசியாக அத்தியாயங்கள். இவற்றுக்குத் தனிக் கோப்போ பொத்தானோ இல்லை. காணொளியின் விவரக் குறிப்பில் நேரத்தையும் தலைப்பையும் வரி வரியாக எழுதினால் போதும். எட்டு விநாடி கூட்டிய பின் எங்கள் பட்டியல் இவ்வாறு அமைந்தது:

```
0:00 முன்னுரை
1:28 கோட்டை வாசல்
8:13 கோணேசர் கோயில்
12:33 கடலடிச் சிதைவுகள்
16:48 1942 ஏப்ரல் 9
25:18 எண்ணெய்த் தாங்கிகள்
33:38 கொட்டியாரக் குடா
```

விதிகள் சில. முதல் வரி 0:00 என்றே தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள், ஏறுவரிசையில். ஒவ்வோர் அத்தியாயமும் குறைந்தது பத்து விநாடி. இவற்றுள் ஒன்று தவறினாலும் மொத்தமும் வராது. ஏமாற்றம் எங்கே என்றால், நேரங்கள் நீல நிற இணைப்புகளாக மாறி, அழுத்தினால் அந்தந்த இடத்துக்குப் போகவும் செய்யும். அதைக் கண்டு வேலை முடிந்ததென்று எண்ணிவிடுவார்கள். ஓட்டக் கோடு துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. எங்கள் பக்கத்தில் வழமையான தவறு, காலை 9.15 என்று புள்ளி வைத்து நேரம் எழுதும் பழக்கத்தினால் 8.13 என்று எழுதிவிடுவது. இங்கே முக்காற்புள்ளி வேண்டும். இலச்சினை நுழைந்தபோது எல்லா நேரத்துடனும் கண்ணை மூடிக்கொண்டு எட்டைக் கூட்டி, முதல் வரியை 0:08 ஆக்குவதும் இப்படியான தவறே.

தலைப்பு சுருக்கமாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் நீண்ட தலைப்பு பாதியில் அறுந்து தெரியும். அத்தியாயம் தொடங்கும் கணத்தின் படமே பட்டியலில் சிறு படமாக நிற்பதால், காட்சி இருளிலிருந்து மெல்ல எழும் இடத்தில் நேரம் குறித்தால் கறுப்புச் சதுரம்தான் கிடைக்கும். ஒரு விநாடி தள்ளிக் குறிக்க வேண்டும். நாம் எழுதாவிட்டால் யூடியூப் தானாகவே ஊகித்துப் பிரிப்பதும் உண்டு. ஆனால் கடலடிச் சிதைவுகளை மாத்திரம் வகுப்பில் காட்ட விரும்பும் ஒரு சரித்திர ஆசிரியருக்கு, பன்னிரண்டு நிமிடம் முப்பத்துமூன்றாம் விநாடியில் அது தொடங்குகிறது என்று சொல்லக்கூடியவர் படத்தைச் செய்தவரே.

இந்தப் பிரதேசத்தில் பழைய நேர்காணல்களைப் பாமினியில் எழுதி வைத்திருப்பவர்கள் பலர் உள்ளனர் என்பதை நான் அறிவேன். யூனிகோடு இல்லையே என்று அவற்றைப் பழைய கணினியோடு கழித்துவிட வேண்டாம். அந்த எழுத்தில் ஒன்றும் கெடவில்லை. மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து வரிகளை மட்டும் மாற்றி, யூ.டி.எஃப்.-8இல் சேமித்து, நீங்கள் முன்பே ஏற்றியிருக்கும் காணொளிகளுக்கு இன்றும் சப்டைட்டிலாகச் சேர்க்கலாம்.